பாயோடு ஒட்டுகிற பகிடியைப் போடலாமா?

பாய்க்கடை:
யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். மட்டக்களப்பில் இருந்து பன் பாய் எடுத்திருக்கிறேன். நாளைக் காலை முகநூலில் போட இப்படி எழுதினேன்: "மட்டக்களப்புப் பாய் வந்திட்டுது. மந்திரிச்சுத்தான் அனுப்பியிருக்கினம், படுத்தால் ஒட்டிக்கொள்ளுவியள். கலியாணம் கட்டாத பெடியள் கவனம்!" படத்தில் ஒரு பெண் பாயை விரித்து, "வா மனே, இதில இரு" என்கிறாள். மனைவி போட வேண்டாம் என்கிறாள். சின்ன வயதில் இருந்து கேட்ட பகிடிதானே, இதில் யாருக்கு என்ன நோகும்?

சுன்னாகத்தான்:
போடுங்கள் அண்ணை. நம்மைப் பனங்கொட்டை சூப்பி என்று ஊர் முழுக்கச் சொல்கிறார்கள். நாங்கள் என்ன அழுகிறோமா? அப்படிப் பயமென்றால் ஊர்ப் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள், பிரச்சினை முடிந்தது.

கோண்டாவில் தம்பி:
கவனம் அண்ணா. இன, மத வெறுப்பைத் தூண்டினார்கள் என்று 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தில் ஆட்களைப் பிடிக்கிறார்கள். 2023 மே மாதம் மேடையில் பகிடி சொன்ன ஒரு கலைஞரையும் அதில்தான் கைது செய்தார்கள். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வேறு வந்திருக்கிறது. ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

மெய்ப்புக்காரி:
தம்பி, அவர் பொலிஸ் வருமா என்று கேட்கவில்லை, யாருக்கு நோகும் என்று கேட்கிறார். சட்டத்தில் பிடிபடாத எத்தனையோ வசனம் ஒரு ஆளை வருடக்கணக்கில் நோகப்பண்ணும்.

நான் விளம்பரம் பார்த்துத் திருத்துகிற வேலையில் பல வருடம் இருந்தவள். பகிடி வந்தால் முதலில் ஒரு கேள்விதான் கேட்பேன்: சிரிப்பு எந்தச் சொல்லில் நிற்கிறது? அந்தச் சொல்லைக் கையால் மறைத்துவிட்டு மிச்சத்தை வாசித்துப் பாருங்கள். இதில் 'மந்திரிச்சு' என்பதை மறைத்தால் பகிடியே இல்லை. அந்தச் சொல் பாயைப் பற்றியதும் இல்லை. கிழக்கில் உள்ள பெண்கள் மந்திரம் போட்டு ஆம்பிளைகளைப் பிடிப்பார்கள் என்ற நம்பிக்கை வாசிக்கிறவருக்கு ஏற்கெனவே இருந்தால்தான் சிரிப்பு வரும்.

சுன்னாகத் தம்பி ஊர்ப் பெயரை எடுக்கச் சொல்கிறார். அது பாதி சரி. பெயரை எடுத்தாலும் பாய், ஒட்டு, கலியாணம் மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் யாழ்ப்பாணத்தில் சின்னப்பிள்ளைக்கும் எந்த ஊர் என்று விளங்கும். முதல் பின்னூட்டத்திலேயே யாரோ ஒருவர் ஊரின் பெயரை எழுதிவிடுவார்.

இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் பதிவு முழுக்க எங்கள் பேச்சு. அந்தப் பெண்ணுக்கு மட்டும் அவளுடைய ஊர்ப் பேச்சு. ஒரே ஒருவருடைய பேச்சை மட்டும் தனியாக எடுத்து எழுதியிருந்தால், அந்த இடத்தில் நான் எப்போதும் பேனையை நிறுத்திவிடுவேன்.

வாவிக்கரை:
நான் மட்டக்களப்பு. படிக்க யாழ்ப்பாணம் வந்து மூன்று வருடம். அக்கா சொன்ன இடத்தில் எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. 'மனே' என்று என்னைக் கூப்பிடுகிறவ என்னுடைய அம்மம்மா. சின்னப் பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிடுகிற சொல் அது. அதைக் கொண்டுபோய் மாப்பிள்ளை பிடிக்கிற பெண்ணின் வாயில் வைத்திருக்கிறீர்கள். வாசித்ததும் பகிடியை விட அதுதான் எனக்கு முதலில் குத்தியது.

விடுதியில் சேர்ந்த முதல் கிழமையே, "உன்ர பாயில இருந்தால் எழும்பலாமா?" என்று கேட்டார்கள். சிரித்தேன். இருபது பேர் நடுவில் நான் ஒருத்தி, வேறு என்ன செய்வது?

சுன்னாகத்தான்:
சிரித்தீர்கள்தானே தங்கச்சி? அப்போது அவர்களுக்கு எப்படி விளங்கும்?

மெய்ப்புக்காரி:
அதற்குத்தான் போட முன்னம் பார்க்கிறது. பனங்கொட்டை என்ற சொல் சுன்னாகத்தில் இருந்து கேட்டால் சுடாது, சுற்றிவர உங்கள் ஆட்கள். வெளியூரில் புதிதாக வேலைக்குப் போய், அறையில் நீங்கள் மட்டும் யாழ்ப்பாணம் என்று இருக்கும்போது கேட்டுப் பாருங்கள். பகிடியை அது சொல்லப்படுகிற ஆட்கள் குறைவாக இருக்கிற இடத்தில் வைத்து வாசிக்க வேண்டும். அண்ணையின் பதிவு வாசிக்கப்படப் போவது யாழ்ப்பாணத்தில்.

கொக்குவில் வாத்தியார்:
நான் மட்டக்களப்பில் பதினொரு வருடம் படிப்பித்தவன். இந்தக் கதை எங்கே இருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அங்கே குடி தாய்வழியில் வரும். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில் போய் இருப்பார். இங்கே இருந்து உத்தியோகத்துக்குப் போன பெடியன் அங்கே கட்டினால் அங்கேயே தங்கினான். மகன் அனுப்பிய காசும் நின்றது, அவனுக்குப் பேசி வைத்த சீதனமும் போனது. மகன் தன் விருப்பத்தோடு தங்கினான் என்று சொல்வதை விட மந்திரம் போட்டார்கள் என்று சொல்வது ஒரு தாய்க்கு லேசு.

என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன் அப்படித்தான் கட்டினான். ஒருமுறை இங்கே ஒரு கலியாண வீட்டுக்குக் குடும்பத்தோடு வந்தான். பந்தியில் இருந்த ஒரு கிழவி அவனுடைய ஏழு வயது மகளைக் கூப்பிட்டு, "அம்மா உனக்கும் மந்திரம் சொல்லித் தந்தவவோ?" என்று கேட்டா. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்தது. தாய் இலையை மடித்துவிட்டு எழும்பினா. அதற்குப் பிறகு அவ இங்கே வரவே இல்லை.

பாய்க்கடை:
சேர், வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எனக்கு இந்தப் பாய் தருகிறது இரண்டு பெண்கள். அவர்களும் என்னுடைய பக்கத்தைப் பார்க்கிறவர்கள். அது இவ்வளவு நேரமும் எனக்கு ஓடவில்லை. சரி, இப்படி மாற்றினால்? "மட்டக்களப்புப் பாய் வந்திட்டுது. மகனுக்கெண்டு வாங்கினம். இப்ப அப்பா ஒட்டிட்டார், பின்னேரத் தேத்தண்ணிக்கும் எழும்புறாரில்லை."

மெய்ப்புக்காரி:
நல்ல மாற்றம். இப்போது சிரிப்பு அப்பாவின் சோம்பலில் நிற்கிறது. பாயின் சுகமும் தெரிகிறது, விற்கிறவருக்கு அதுதானே வேண்டும். 'ஒட்டிட்டார்' மட்டும் பழைய பகிடிக்குக் கதவைத் திறந்து விடுகிறது. 'படுத்திட்டார்' என்று போடுங்கள். அந்தப் பெண்ணின் படத்தையும் எடுத்துவிட்டுப் பாயின் பின்னலைக் கிட்ட நின்று எடுத்துப் போடுங்கள்.

சுன்னாகத்தான்:
'ஒட்டிட்டார்' இல்லாமல் உப்பே இல்லை அக்கா. இப்படிப் பார்த்தால் ஒரு பகிடியும் மிஞ்சாது. இனி ஊர்ப் பெயராவது வேண்டாம்.

வாவிக்கரை:
ஊர்ப் பெயர் இருக்கட்டும் அண்ணா. பாய் இழைத்தவர்களின் ஊர் அது, அதை ஏன் மறைக்க வேண்டும்? நான் ஒருத்தி சரி என்று சொன்னதற்காக எல்லோருக்கும் சரி என்று எடுக்காதீர்கள். பாய் தருகிறவர்களுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். "பரவாயில்லை" என்று மட்டும் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். நீங்கள் காசு கொடுக்கிற ஆள், முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

கொக்குவில் வாத்தியார்:
எனக்கு அதில் சம்மதம் இல்லை பிள்ளை. அவர்களிடம் கேட்பதே, பழைய கதையை அவர்கள் வாசலில் கொண்டுபோய் வைக்கிறதாக முடியும். இவர் தானே முடிவெடுக்கட்டும்.

பாய்க்கடை:
'படுத்திட்டார்' என்று மாற்றிவிட்டேன், ஊர்ப் பெயர் இருக்கிறது. நாளை விடிய அவர்களோடு வேறு கணக்கும் கதைக்க இருக்கிறது. பழைய பகிடியைச் சொல்லாமல் புதியதை மட்டும் வாசித்துக் காட்டப் போகிறேன். சிரிக்காவிட்டால் விலையையும் அளவையும் மட்டும் போடுவேன். கீழே வந்து யாரும் மந்திரக் கதை எழுதினால் அழிப்பதா, பதில் சொல்வதா?

மெய்ப்புக்காரி:
நான் என்றால் அழிப்பேன்.

வாவிக்கரை:
நான் என்றால் பதில் எழுதுவேன். அழித்தால் எங்கள் வாயும் சேர்ந்து மூடுது.