நட்டத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துப்போவது: ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக்கூழ் ஆலை தொடங்கும் நண்பர்களுக்காக வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு ஆண்டும் நட்டம். அந்த நட்டம் மூன்றாம் ஆண்டு லாபத்தில் கழிந்து வரியைக் குறைக்கிறது. லாஸ் கேரி ஃபார்வர்ட் என்று எல்லோரும் சொல்வதற்கு 'நட்ட நிலுவை' என்று போட்டிருக்கிறேன். சரியா?

— ஓசூரிலிருந்து

---

தம்பி, இதற்கு எதற்குச் சொல்? நட்டம் வந்தால் அந்த வருஷமே வரி மிச்சம். எங்கள் கிரானைட் கம்பெனியில் புதிதாகப் பாலிஷ் யூனிட் போட்டோம். முதல் வருஷம் நட்டம், குவாரி லாபத்தில் கழித்துவிட்டார்கள். எடுத்துப்போக ஒன்றும் மிஞ்சவில்லை.

— பர்கூர்

---

பர்கூர் அண்ணன் சொல்வது அவருக்குச் சரி. குவாரியும் பாலிஷும் ஒரே கம்பெனி. ஓசூர்த் தம்பியின் ஆலை தனிக் கம்பெனி. கழிக்க வேறு லாபம் அதற்கு இல்லை.

'நிலுவை' எனக்கு உறுத்துகிறது. நிலுவை என்றால் யாரோ நமக்குத் தர வேண்டிய பணம். அரசு நமக்கு எதுவும் தர வேண்டியதில்லை. பின்னால் லாபம் வந்தால் வரியைக் குறைத்துக்கொள்வோம், அவ்வளவுதான். லாபமே வராவிட்டால் அந்த நட்டம் வெறும் எண். வந்தாலும், தொழில் நட்டத்துக்கு எட்டு ஆண்டு கெடு.

தம்பி தனி மடலில் அனுப்பிய தாளைப் பார்த்தேன். சொல்லில் இருக்கும் பிழை கணக்கிலும் இருக்கிறது. வரிக்குரிய கணக்குப்படி முதலாண்டு நட்டம் 40 லட்சம், இரண்டாம் ஆண்டு 10 லட்சம், மூன்றாம் ஆண்டு லாபம் 30, நான்காம் ஆண்டு 50. வரி 25 சதவீதம் (செஸ்ஸை விட்டுவிட்டேன்). நட்ட ஆண்டுகளிலும் 25 சதவீதத்தால் பெருக்கியதால், முதலாண்டு 10 லட்சமும் அடுத்த ஆண்டு 2.5 லட்சமும் வரவாக நிற்கின்றன. அப்படி யாரும் காசோலை தருவதில்லை.

உண்மையில் 50 லட்ச நட்டம் காத்திருக்கும். மூன்றாம் ஆண்டு 30 கழிந்து வரி பூஜ்யம், மீதி 20. நான்காம் ஆண்டு 50-இல் அந்த 20 போக 30-க்கு மட்டும் வரி, 7.5 லட்சம். மிச்சமாகும் வரி இரண்டு வழியிலும் 12.5 லட்சம்தான். வரும் காலம்தான் வேறு. 12 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் தம்பியின் வழியில் 10.92 லட்சம், சரியான வழியில் 8.52 லட்சம். 2.4 லட்சம் இல்லாத பணம். அதைவிட, முதலாண்டில் சம்பளத்துக்குக் கையில் 10 லட்சம் இருப்பதாகத் தாள் சொல்கிறது. இருக்காது.

5-ஆம் வரிசை அந்த ஆண்டின் லாபம், 6 முன்னாண்டு நட்டம், 7 மீதி நட்டம், 8 வரி என்று வைத்தால்:

```
B7: =MAX(0,B6-B5)
B8: =MAX(0,B5-B6)*25%
C6: =B7
```

நட்டம் வந்தால் B5 குறையெண்ணாக இருக்கட்டும், மீதி தானாகக் கூடும். எட்டு ஆண்டு கெடுவை இது பார்க்காது. நான்கே ஆண்டில் தீர்ந்துவிடுவதால் இங்கே கவலையில்லை.

என் முன்மொழிவு: 'கழியா நட்டம்'.

— தருமபுரி, ஓய்வுபெற்ற ஆடிட்டர்

---

ஐயா, என் விஷயத்தையும் பாருங்கள். தக்காளி அரைக்கும் சின்ன யூனிட்டில் போன வருஷம் 6 லட்சம் நட்டம். ரிட்டர்ன் போட இரண்டு மாதம் தாமதமானது. கணக்கு எழுதுகிறவர் "நட்டம்தானே, அவசரமில்லை" என்றார். இப்போது கழிக்க முடியாது என்கிறார்கள். இதற்கு யாரிடம் மனு போடுவது?

— காரிமங்கலம்

---

இது மனுவுக்கான இடமில்லை, ஆனாலும் சொல்கிறேன். கெடு தாண்டிப் போட்டால் தொழில் நட்டத்தை எடுத்துப்போக முடியாது. ஆனால் அந்த 6 லட்சத்தில் இயந்திரத் தேய்மானம் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். அந்தப் பங்கு போகாது, அதற்கு எட்டு ஆண்டு கெடுவும் கிடையாது. அதனால்தான் 'கழியா நட்டம்', 'கழியாத் தேய்மானம்' என்று இரண்டும் ஜோடியாக நிற்க வேண்டும் என்கிறேன். தம்பியும் தாளில் இரண்டுக்கும் தனி வரிசை போடட்டும். லாபம் வரும்போது முதலில் கழிவது தொழில் நட்டம், பிறகுதான் தேய்மானம்.

— தருமபுரி

---

ஐயா, தாளைத் திருத்திவிட்டேன். முதலாண்டு இறுதியில் கையிருப்பு குறையில் போகிறது. நடைமுறை மூலதனக் கடனைக் கூட்டிக் கேட்க வேண்டும்.

'கழியா நட்டம்' பிடித்திருக்கிறது, ஒரு சிக்கல் தவிர. இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் வீதத்துக்கு இதே அறிக்கையில் 'கழிவு வீதம்' என்று எழுதியிருக்கிறேன். ஒரே பக்கத்தில் இரண்டு 'கழி'. அப்புறம், இது மிஞ்சி நிற்கும் தொகைக்குப் பெயர். அதை எடுத்துப்போகும் செயலுக்கு?

— ஓசூர்

---

செயலுக்கு 'எடுத்துப்போதல்' போதாதா? எங்கள் கணக்குப்பிள்ளை அந்தக் காலத்தில் பேரேட்டில் 'மேல்பக்கம் போனது' என்று எழுதுவார்.

— பர்கூர்

---

'போனது' என்றால் பணமே போய்விட்டது என்று வங்கி மேலாளர் நினைத்துக்கொள்வார், அண்ணா. வீதத்தின் பெயரை மாற்றலாமா என்று பார்க்கிறேன்.

— ஓசூர்