மூன்று மாதம் பச்சை, ஒரே வாரத்தில் சிவப்பு: யார் பொய் சொன்னது?

நிவேதா:
நான் ப்ராஜெக்டுகளின் நிலையைக் கண்காணிக்கும் பிஎம்ஓ பிரிவில் புதிது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பழைய பில்லிங் சிஸ்டத்திலிருந்து புதியதற்கு மாறும் ப்ராஜெக்ட். வாராந்திர அறிக்கையில் மூன்று மாதமாகப் பச்சை. போன வாரம் நேராகச் சிவப்பு. நடுவில் எச்சரிக்கை நிறமான ஆம்பர் வரவே இல்லை. மேனேஜர் மறைத்தாரா, இல்லை இந்தக் கலர் முறையே இப்படித்தானா?

ஓஎம்ஆர்வாசி:
இதில் சந்தேகம் என்ன? மறைத்தார். எங்கள் ஆபீஸில் இதற்குத் தர்பூசணி ரிப்போர்ட் என்றே பெயர். வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. ஃபோர்டு கதை கேட்டிருப்பீர்கள். ஆலன் முலாலி 2006-ல் தலைமைக்கு வந்தார். அந்த வருடம் நஷ்டம் 1,200 கோடி டாலருக்கு மேல். ஆனால் வியாழக்கிழமை கூட்டத்துக்கு வந்த எல்லாருடைய சார்ட்டும் பச்சை. கடைசியில் மார்க் ஃபீல்ட்ஸ் மட்டும் 'எட்ஜ்' காரின் பின்கதவுப் பிரச்சினைக்காகச் சிவப்புக் காட்டினார். முலாலி கைதட்டினார். அப்புறம்தான் மற்றவர்களுக்கும் சிவப்புக் காட்டத் துணிச்சல் வந்தது. பயம் போனால் கலர் சரியாக வரும், அவ்வளவுதான்.

கலர்பென்சில்:
நிறக்குறைபாடு உள்ள பலருக்குப் பச்சையும் சிவப்பும் ஒன்றுபோல் தெரியும். கலர் கட்டத்தில் எழுத்தையும் போடச் சொல்லுங்கள். எங்கள் டைரக்டருக்கே இந்தச் சிக்கல் இருந்தது.

நிவேதா:
நல்ல யோசனைதான் சார், ஆனால் எங்கள் அறிக்கையில் 'பச்சை' என்று எழுத்திலேயே இருந்தது :)

பழைய திட்டக்காரர்:
ஓஎம்ஆர்வாசி சொல்வது பாதி சரி. ஃபோர்டில் அந்த வண்டியில் பிரச்சினை இருக்கிறது என்று ஃபீல்ட்ஸுக்கு ஏற்கெனவே தெரியும். சொல்வதா வேண்டாமா என்பதுதான் அங்கே கேள்வி. நிவேதாவின் ப்ராஜெக்டில் யாருக்குமே தெரியாமல் இருந்திருக்கவும் வாய்ப்புண்டு. நிவேதா, உங்கள் அறிக்கையில் கலர் எப்படி வருகிறது? கையால் போடுவதா, ஃபார்முலாவா?

நிவேதா:
ஃபார்முலா. இன்றைக்குள் முடிய வேண்டிய வேலைகளில் எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது என்று பார்க்கும். 90-க்கு மேல் பச்சை, 80 வரை ஆம்பர். பன்னிரண்டாம் வாரம் 60-ல் 57 முடிந்திருந்தது.

பழைய திட்டக்காரர்:
95 சதவீதம், பச்சை. முடியாத மூன்றும் எவை?

நிவேதா:
பழைய டேட்டாவின் எந்த நெடுவரிசை புதியதில் எங்கே போகிறது என்ற மேப்பிங்குக்கு வாடிக்கையாளர் ஒப்புதலாகத் தர வேண்டிய சைன்-ஆஃப். அப்புறம் டேட்டாவைப் புதியதில் ஏற்றிப் பார்க்கும் ஒத்திகை லோடு. அப்புறம் இரண்டு பக்கக் கணக்கையும் ஒப்பிடுவது.

பழைய திட்டக்காரர்:
அங்கேதான் இருக்கிறது விஷயம். இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டியவை. சைன்-ஆஃப் வராமல் லோடு கிடையாது, லோடு இல்லாமல் ஒப்பீடு கிடையாது. முடிந்த 57-ல் ஸ்கிரீன் டிசைன், பயிற்சிக் கையேடு, லாகின் எல்லாம் இருக்கும். அவை நாலு நாள் முன்பின் ஆனாலும் கடைசித் தேதி அசையாது. ஃபார்முலா கையேட்டையும் சைன்-ஆஃபையும் ஒரே எடையில் எண்ணுகிறது.

சைன்-ஆஃப் ஒன்பதாம் வாரம் வர வேண்டியது, அந்தச் சங்கிலியில் மூன்று வாரம் தளர்வு, அதாவது மூன்று வாரம் தாமதமானாலும் கடைசித் தேதி அசையாத இடம், இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வாரக் கடைசியில் மூன்று, பத்தில் இரண்டு, பதினொன்றில் ஒன்று, பன்னிரண்டில் பூஜ்யம். நாலு வாரமும் கலர் பச்சைதான், யாரும் பொய் சொல்லவில்லை. பதிமூன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் புதிய சிஸ்டம் ஓடத் தொடங்கும் கோ-லைவ் தேதி ஒரு வாரம் தள்ளும். இதில் ஆம்பருக்கு இடமே கிடையாது. தளர்வு இருக்கும்வரை எதுவும் தெரியாது, தீர்ந்ததும் எல்லாம் ஒரேயடியாகத் தெரியும்.

பாலக்காரர்:
நான் ஐடி இல்லை, ரோடு பாலம் காண்ட்ராக்ட். எங்களுக்கும் இதே கதைதான். தூண், மேல்தளம் எல்லாம் முடிந்து அளவுப் புத்தகமான எம்-புக்கில் ஏறி பில்லும் வாங்கியாகிவிட்டது, அறிக்கையில் 90 சதவீதம். அணுகுசாலைக்கு நில எடுப்பு மட்டும் முடியவில்லை. ஆற்றின் நடுவே பாலம் நிற்கிறது, ஏறத்தான் வழியில்லை. நில எடுப்பு எங்கள் கையில் இல்லை என்பதால் அது எங்கள் சதவீதத்திலேயே வராது.

செல்வம்_டெலிவரி:
எல்லாரும் கலரைத் திட்டுகிறீர்கள். என்னிடம் நாற்பது ப்ராஜெக்ட். ஒவ்வொன்றிலும் எந்த சைன்-ஆஃப் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் வேறு வேலை ஓடாது. எதை முதலில் திறந்து பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் கலர். இன்னொன்று, சந்தேகம் வந்தால் ஆம்பர் போடு என்று ஒருமுறை சொன்னேன். மூன்றே வாரத்தில் நாற்பதில் முப்பது ஆம்பர். அதற்கு என்ன அர்த்தம்?

ஓஎம்ஆர்வாசி:
முப்பதும் நிஜமாகவே ஆம்பர் என்று அர்த்தம் சார்.

செல்வம்_டெலிவரி:
இல்லை தம்பி, முப்பது பேர் தங்களைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். நாளை எது நடந்தாலும் "நான்தான் ஆம்பர் போட்டேனே" என்பார்கள்.

பழைய திட்டக்காரர்:
இதில் செல்வம் சாரோடு நான் ஒத்துப்போகிறேன். கலரைத் தூக்கிப் போட வேண்டாம், அதன் பக்கத்தில் ஒரே ஒரு வரி சேருங்கள். அடுத்த முக்கிய மைல்கல் எப்போது முடியும் என்று கடைசி நாலு அறிக்கைகளில் சொன்ன தேதிகளை அப்படியே வரிசையாகப் போடுங்கள். மார்ச் 6, மார்ச் 13, மார்ச் 20, மார்ச் 27 என்று வந்தால் வேறெதையும் படிக்கவே வேண்டாம். ஒரு வாரம் போனால் தேதியும் ஒரு வாரம் போகிறது. அதாவது வேலை நகரவே இல்லை.

கடைசித் தேதியை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனின் கிராஸ்ரயில் என்ற ரயில் பாதைத் திட்டம் உதாரணம். 2018 டிசம்பரில் திறப்பு என்பதை அவர்கள் கடைசிவரை விடவில்லை. 2017 நவம்பரில் புடிங் மில் லேன் துணைமின்நிலையத்தில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து, சுரங்கத்தில் ரயில் சோதனை தள்ளிப்போனது. அப்போதும் திறப்புத் தேதி மாறவில்லை. சோதனைக்கான நாட்களைச் சுருக்கி, கட்டுமானத்தையும் சோதனையையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றினார்கள். சிக்னல் சோதிக்க வேண்டிய இடத்தில் இன்னொரு குழு வேலை செய்துகொண்டிருந்தால் இரண்டுமே நடக்காது. 2018 ஆகஸ்ட் 31 அன்று, திறப்புக்கு நாலு மாதத்துக்கும் குறைவாக இருந்தபோதுதான் தள்ளிப்போகிறது என்று அறிவித்தார்கள். கடைசியில் திறந்தது 2022 மே 24. திட்டமிட்டதில் டெஸ்டிங் எத்தனை வாரம், இன்றைக்கு மிச்சம் எத்தனை வாரம் என்று யாராவது கேட்டாலே நிலைமை முன்கூட்டியே தெரியும்.

ஓஎம்ஆர்வாசி:
அப்படியென்றால் வெளியாள் ஒருவர் கலர் போட்டால் போதுமே? பிரிட்டிஷ் அரசில் அப்படித்தானே?

பழைய திட்டக்காரர்:
உதவும், ஆனால் போதாது. அங்கே யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகைத் திட்டத்துக்கு, பெரிய திட்டங்களைப் பற்றி 2014-ல் வெளியான ஆண்டுப் பட்டியலில் சிவப்பும் இல்லை பச்சையும் இல்லை. 'ரீசெட்' என்று தனியாக ஒரு வகை போட்டார்கள். கலரை வெளியே கொடுத்தாலும் அரசியல் கூடவே போகும்.

நிவேதா:
பழைய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். மேப்பிங் சைன்-ஆஃப் நாலு வாரமும் "அடுத்த வெள்ளி". ஆனால் யாரும் கவனிக்காததற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் டெம்ப்ளேட்டில் அந்தந்த வாரத்துத் தேதி மட்டும்தான் வரும், பழைய தேதி அழிந்துவிடும். செல்வம் சார், அந்த நாலு தேதி வரியைச் சேர்க்க உங்களைப் போன்றவர்கள் ஒத்துக்கொள்வீர்களா?

செல்வம்_டெலிவரி:
உள் அறிக்கையில் நாளையே சேர்ப்பேன். வாடிக்கையாளருக்குப் போகும் அறிக்கையில் மாட்டேன். எங்கள் ஒப்பந்தத்தில் மைல்கல் நழுவினால் அபராதம் உண்டு. நழுவியதை நானே வரிசையாக எழுதிக் கொடுத்தால் அவர்கள் வக்கீலுக்கு வேலை மிச்சம்.

ஓஎம்ஆர்வாசி:
ஆக, இரண்டு அறிக்கை. நான் முதலில் சொன்னதும் இதைத்தானே?

பழைய திட்டக்காரர்:
இந்த ப்ராஜெக்டில் சைன்-ஆஃப் தராதவரே வாடிக்கையாளர்தான் செல்வம் சார். தாமதம் யாரிடம் நிற்கிறது என்று அந்த வரி காட்டும். வக்கீல் வந்தால் அது உங்கள் பக்கம்தான் பேசும்.

செல்வம்_டெலிவரி:
இந்த ஒன்றில் சரி. என்னிடம் இருக்கும் நாற்பதில் தாமதம் என் ஆட்களிடம்.