கரிசல் மண்ணில் எஸ்பிடி எண் 18: ஃபூட்டிங் போதுமா, பைல் போட வேண்டுமா?

மானூர் மனைக்காரர்:
மானூர் பக்கம் கரிசல் நிலத்தில் தரைத்தளம் மட்டும் உள்ள வீடு ஒன்று கட்டவிருக்கிறேன். மே மாதத்தில் ஒரே ஒரு இடத்தில் துளையிட்டு மண் பரிசோதனை செய்தோம். 2.6 மீட்டர் வரை கருங்களிமண், அதன்கீழ் 4.3 மீட்டர் வரை சுண்ணாம்புக் கற்கள் கலந்த மஞ்சள் களிமண், பிறகு சிதைந்த பாறை என்று அறிக்கையில் உள்ளது. எஸ்பிடி சோதனையில் குழாயை மண்ணுக்குள் இறக்கத் தேவைப்பட்ட சம்மட்டி அடிகளை 1.5 மீட்டரில் 6, 8, 10 என்றும், 3 மீட்டரில் 9, 14, 17 என்றும், 4.5 மீட்டரில் 28, அடுத்து 8 செ.மீ.க்கு 50 என்றும் குறித்திருக்கிறார்கள். நிலத்தடி நீர் தென்படவில்லை. மேஸ்திரி ஐந்தடி ஆழத்தில் ஃபூட்டிங் போதும் என்கிறார். அறிக்கையோ, அடியில் குமிழ்போல அகன்ற அண்டர்ரீம்டு பைல் போடச் சொல்கிறது. 6, 8, 10 மூன்றையும் கூட்டினால் 24 வருகிறது, அறிக்கையில் 18 என்று இருக்கிறது. எதை நம்புவது?

பாளையங்கோட்டை ஒப்பந்ததாரர்:
18 என்பதே சரி. 63.5 கிலோ சம்மட்டியை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாயை 15 செ.மீ. வீதம் மூன்று முறை இறக்குவார்கள். துளையின் அடியில் மண் கலைந்திருக்கும் என்பதால் முதல் 15 செ.மீ.க்கான 6 அடிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. களிமண்ணில் 18 என்பது நல்ல உறுதி. தரைத்தள வீட்டுக்குத் தாராளம். பைலுக்குச் செலவழிக்காமல், மூன்றடி கூடுதலாகத் தோண்டி ஆற்று மணல் நிரப்பி, அதன்மேல் ஃபூட்டிங் வையுங்கள்.

மண் ஆய்வுப் பொறியாளர்:
எண்ணைக் கூட்டிய விதத்தை அண்ணாச்சி சரியாகவே சொன்னார். அதிலிருந்து எடுத்த முடிவை நான் ஏற்க மாட்டேன். இந்தச் சோதனை அன்றைய ஈரத்தில் மண் எவ்வளவு உறுதியாக இருந்தது என்பதை மட்டுமே காட்டும். மே மாதத்துக் கரிசல் காய்ந்து இறுகிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தபின் அதே ஆழத்தில் அதே எண் வராது. அதைவிட முக்கியமானது, ஈரம் ஏறும்போது இந்த மண் உப்பி மேலே தள்ளும் விசை அந்த 18க்குள் அடங்கவே இல்லை என்பது. தரைத்தள வீட்டின் எடை குறைவு என்பதால் அந்த விசையை அடக்கும் பாரமும் மேலே இருக்காது. பக்கத்து வீடுகளில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், கோடையில் அகன்றும் மழைக்குப்பின் குறுகியும் தெரிந்தால், அது இந்த மண்ணின் வேலைதான்.

அறிக்கையின் ஆய்வகப் பக்கத்தில் கருங்களிமண்ணின் ஃப்ரீ ஸ்வெல், அதாவது நீரில் ஊறும்போது அது உப்பும் அளவு, எவ்வளவு என்று பாருங்கள். 50 விழுக்காட்டைத் தாண்டினாலே சாதாரண ஃபூட்டிங்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆற்று மணலும் வேண்டாம். சுற்றிலும் நீர் இறங்காத களிமண் இருக்க, நடுவே மணலை நிரப்பினால் மழைநீர் அங்கேயே தேங்கி, அடியில் உள்ள கரிசலை நனைத்துக்கொண்டே இருக்கும். மண்ணை மாற்றுவதானால் உப்பாத சரளைச் செம்மண்ணை அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்க வேண்டும்.

திசையன்விளை வாசகர்:
எங்கள் தேரி மணலில் 2 மீட்டரில் 6தான் வந்திருக்கிறது. அப்படியானால் நானும் பைல் போட வேண்டுமா?

மண் ஆய்வுப் பொறியாளர்:
உங்கள் கேள்வி வேறு. மணல் உப்பாது, 6 என்பது அது தளர்வாக இருப்பதைக் காட்டுகிறது, ஆகவே அங்கே கவலை இறக்கத்தைப் பற்றியது. அறிக்கையைத் தனி இழையில் போடுங்கள்.

மானூர் மனைக்காரர்:
ஃப்ரீ ஸ்வெல் 90 விழுக்காடு என்று இருக்கிறது. மஞ்சள் களிமண்ணுக்கு அந்தச் சோதனை செய்யப்படவில்லை. 3 மீட்டரில் வந்த 31ஐ நம்பலாமா? அதன் எதிரே, 45 செ.மீ. இறக்கியதில் 18 செ.மீ. மண்தான் குழாயில் கிடைத்தது என்று எழுதியிருக்கிறார்கள்.

மண் ஆய்வுப் பொறியாளர்:
அந்தக் குறிப்பைக் கவனித்தது நல்லது. குழாயின் முனையில் ஒரு சுண்ணாம்புக் கல் சிக்கினால், அடிகள் கூடும், மண் உள்ளே ஏறாது. ஆகவே 31 என்பது களிமண்ணின் உறுதியா, கல்லின் தடையா என்று இந்த ஒரு துளையை வைத்துச் சொல்ல முடியாது. 30 செ.மீ. தண்டுள்ள பைலின் குமிழ் 75 செ.மீ. அகலத்தில், 3.5 மீட்டருக்குக் கீழே, இந்த மஞ்சள் களிமண்ணில்தான் அமையப்போகிறது; அதனால் இந்தச் சந்தேகத்தைத் தீர்த்தாக வேண்டும். மனையின் எதிர் மூலையில் 6 மீட்டர் வரை இன்னொரு துளை போட்டு, மஞ்சள் களிமண்ணுக்கும் ஃப்ரீ ஸ்வெல் பார்க்கச் சொல்லுங்கள். 4.5 மீட்டரில் தட்டுப்பட்டது பாறைதானா, பெரிய கல்லா என்பதும் அப்போது தெரியும்.

பாளையங்கோட்டை ஒப்பந்ததாரர்:
மணலைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சரளைச் செம்மண் ஒரு மீட்டர் நிரப்பி, சுற்றிலும் நீர் புகாத நடைதளம் போட்ட வீடுகள் இந்தப் பக்கம் விரிசலின்றி நிற்கின்றன. பைல்தான் ஒரே வழி என்று நான் ஒப்பமாட்டேன்.

மண் ஆய்வுப் பொறியாளர்:
அந்த முறையும் உண்டுதான். ஆனால் நடைதளம் ஓரிடத்தில் உடைந்தாலோ, சுவரோரம் குழாய் கசிந்தாலோ அதன் பலன் போய்விடும்; 90 விழுக்காடு உப்பும் மண்ணில் அந்த அபாயத்தை நான் ஏற்க மாட்டேன். பைல் போடுவதாக இருந்தால், பைல்களின் தலைகளை இணைத்துச் சுவரைத் தாங்கும் பிளிந்த் பீமின் அடிப்பகுதி மண்ணைத் தொடாமல் 8 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். மேஸ்திரி அந்த இடைவெளியை மண்ணால் அடைத்துவிட்டால், உப்பும் கரிசல் பீமையே தூக்கிவிடும். கான்கிரீட் போடும் நாளில் நீங்களே நின்று பாருங்கள்.

மானூர் மனைக்காரர்:
இரண்டாவது துளைக்குச் சொல்லிவிட்டேன். அறிக்கை வந்ததும் எண்களை இங்கே பதிகிறேன். அதுவரை பைலின் ஆழத்தை முடிவு செய்யவில்லை.