சுருங்கிய 24 ரோல்: சப்ளையரிடம் திருப்பி அனுப்பிய துணியின் கதை

கட்டிங்மேசை

திருப்பூரில் சின்ன யூனிட் வைத்து டீ-சர்ட் தைத்து ஏற்றுமதிக்காரர் ஒருவருக்குக் கொடுக்கிறேன். போன மாதம் நடந்ததை எழுதுகிறேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும், எனக்கும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது.

நேவி ப்ளூ, 30-ஆம் நம்பர் காட்டன், சிங்கிள் ஜெர்சி, 160 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 160 கிராம். சாயம் போட்டு ஃபினிஷ் ஆன துணியாகவே ஒரு சப்ளையரிடம் 1,200 கிலோ வாங்கினேன். 48 ரோல், இரண்டு சாய லாட், லாட்டுக்கு 24. துவைத்தால் நீளத்திலும் அகலத்திலும் ஐந்து சதவீதத்துக்கு மேல் சுருங்கக் கூடாது, ஜிஎஸ்எம் ஐந்து சதவீதம் முன்பின் இருக்கலாம் என்று ஆர்டரிலேயே எழுதியிருந்தேன்.

திங்கட்கிழமை துணி வந்தது. முதல் லாட்டில் மட்டும் மூன்று ரோல் பிரித்துப் பார்த்தேன். ஜிஎஸ்எம் 158, சுருக்கம் நாலு. இரண்டாவது லாட்டைப் பார்க்காமல் விட்டேன். அதே சப்ளையர், அதே நூல், ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தது என் தப்பு.

புதன்கிழமை இரண்டாவது லாட்டில் மூன்று ரோலை வெட்டினோம். அப்புறம் வெட்டுவதற்காகத் துணியை அடுக்கடுக்காக மேசையில் இன்னொரு லே விரித்து, கரண்ட் போனதால் இரவு அப்படியே விட்டுவிட்டோம். காலையில் கட்டிங் மாஸ்டர் கூப்பிட்டார். மேசையில் சாக்பீஸால் போட்ட கோட்டுக்குச் சரியாக நின்ற லேயின் முனை, கோட்டிலிருந்து நாலு விரல் உள்ளே போயிருந்தது. ஐந்து மீட்டர் லே. யாரும் தொடவில்லை, தண்ணீர் படவில்லை. துணி தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டது. “சார், இழுத்து ஃபினிஷ் பண்ணிட்டாங்க” என்றார்.

உடனே வெட்டுவதை நிறுத்தி, பிரிக்காத ரோல்களிலிருந்து ஐந்தை எடுத்தோம். நூறு சதுர சென்டிமீட்டர் வட்ட கட்டரால் வெட்டி எடைபோட்டால் 1.48 கிராம், அதாவது 148 ஜிஎஸ்எம். துணியில் 50 சென்டிமீட்டருக்குச் சதுரம் குறித்து, ஓரத்தைச் சிவப்பு நூலால் தைத்து, 40 டிகிரியில் துவைத்து உலர்த்தினோம். நீளம் 45 அரையில் நின்றது. ஒன்பது சதவீதம். அகலம் 48, அதாவது நாலு. எழுபது சென்டிமீட்டர் உயர டீ-சர்ட் முதல் துவையலில் ஆறு சென்டிமீட்டர் குறையும். அதை எந்தக் கடையும் வாங்காது.

நான் கற்றுக்கொண்டது இதற்கு அடுத்த வேலையில்தான். துவைத்த அதே துண்டில் மறுபடி ஜிஎஸ்எம் எடுத்தேன். 169 வந்தது. அப்போதுதான் எந்த இடத்தில் தப்பு என்று தெளிவானது. நிட்டிங்கில் லூப் நீளம் தப்பாக இருந்திருந்தால், துவைத்த பிறகும் எடை இவ்வளவு ஏறியிருக்காது. ஏறியதால் துணிக்குள் நூல் சரியாகவே இருக்கிறது, அகலம் பிடித்து உலர்த்தும் ஸ்டென்டரிலும், நீளத்தை அழுத்திச் சுருக்கும் காம்பாக்டிங்கிலும் நீளவாக்கில் இழுத்துவிட்டிருக்கிறார்கள். துணியைத் தளர்வாக உள்ளே விடும் ஓவர்ஃபீடு போதவில்லை, இல்லையென்றால் நீராவி போதாமல் வேகமாக ஓட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் துணியைத் தூக்கிப்போட வேண்டாம், ரிலாக்ஸ் செய்து மறுபடி காம்பாக்டிங் செய்தால் தேறும்.

அன்றே, துணி வந்த நாலாவது நாள், மின்னஞ்சலில் இப்படி எழுதினேன்:

“இன்ன பில்லின் இரண்டாவது லாட்டை ஏற்கவில்லை. வெட்டாத 21 ரோலில் ஐந்தைச் சோதித்தோம். ஜிஎஸ்எம் 148, நீளச் சுருக்கம் 9 சதவீதம். ஆர்டர் அளவு 160, 5 சதவீதம். துவைத்த பின் ஜிஎஸ்எம் 169, ஆகவே குறை ஃபினிஷிங்கில். 21 ரோலையும் தனியாக வைத்திருக்கிறோம், எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். உங்கள் செலவில் எடுத்துப்போய் ஆறு நாளில் சரிசெய்து தர வேண்டும். திரும்பி வரும்போது இதே முறையில் சோதிப்போம். தேறாத ரோலுக்கு கிரெடிட் நோட். முதல் லாட்டை ஏற்றுக்கொண்டோம், அதற்கான பணம் தேதிப்படி வரும். வெட்டிய மூன்று ரோலைப் பற்றித் தனியாகப் பேசுவோம்.”

முதலில் “வீட்டு வாஷிங் மெஷின் டெஸ்ட் எல்லாம் செல்லாது” என்றார் சப்ளையர். சரி, ஒரே ரோலிலிருந்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட துண்டை லேபுக்கு அனுப்புவோம் என்றேன். எட்டரை சதவீதம் வந்தது. சனிக்கிழமை வண்டி அனுப்பி எடுத்துக்கொண்டார். அடுத்த வெள்ளி திரும்பி வந்ததில் 19 ரோல் தேறியது, ஜிஎஸ்எம் 156, சுருக்கம் நாலு. இரண்டு ரோல் இன்னும் ஆறில் நின்றது, அதை ஏற்கவில்லை.

பாக்கி இருப்பது வெட்டிய மூன்று ரோல், 75 கிலோ. பில்லின் அடியில் “வெட்டிய துணிக்கு க்ளெய்ம் கிடையாது” என்று அச்சடித்திருக்கிறது. அதை நான் தாங்க வேண்டுமா?

கோன்வைண்டிங்

ஒரு சந்தேகம் சார். கிலோ கணக்கில்தானே வாங்குகிறீர்கள்? 160க்குப் பதில் 148 வந்தால் கிலோவுக்கு நூற்றுக்கு எட்டு துணி அதிகமாகக் கிடைக்கும். பீஸ் அதிகம் வரும், உங்களுக்கு லாபம்தானே? நாங்கள் லோக்கல் மார்க்கெட்டுக்குத் தைக்கும்போது ஜிஎஸ்எம் கொஞ்சம் குறைந்தால் சந்தோஷப்படுவோம்.

கட்டிங்மேசை

கணக்கு சரிதான் தம்பி, லூப் தளர்வாக நெய்ததால் குறைந்திருந்தால். இங்கே அந்த எட்டு சதவீதம் கடன் வாங்கின துணி. முதல் துவையலில் திருப்பி எடுத்துக்கொள்ளும். கஸ்டமர் சட்டை குட்டையானதும் பழி நம் தலையில் விழும்.

நிட்டிங்காரர்

முப்பது வருடமாக மெஷின் ஓட்டுகிறேன். துவைத்த பின் ஜிஎஸ்எம் எடுத்தது நல்ல வேலை. நிறைய பேர் அதைச் செய்யாமல் நேராக நிட்டிங்கைத் திட்டுவார்கள். எங்களுக்கு வரும் பாதி சண்டை அதுதான். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். துணியை ரோலிலிருந்து அவிழ்த்ததும் கட்டரை வைக்காதீர்கள். இறுக்கிச் சுற்றிய ரோலில் மேல்சுற்று ஒரு எண் காட்டும், உள்சுற்று வேறு காட்டும். அவிழ்த்து ஒரு நாள் காற்றாடப் போட்டு அளந்தால்தான் சப்ளையர் எதிர்க்க முடியாத எண் கிடைக்கும். உங்கள் 148 அவிழ்த்த உடனே எடுத்ததா, போட்டு வைத்து எடுத்ததா?

கட்டிங்மேசை

அவிழ்த்து இரண்டு மணி நேரம்தான் விட்டோம் அண்ணா. அதனால்தான் லேபில் எட்டரை வந்ததோ என்று இப்போது தோன்றுகிறது.

நிட்டிங்காரர்

இருக்கலாம். அரை சதவீதத்தை வைத்து அவர் வாதாடவில்லையே, அது உங்கள் நல்ல நேரம். ஆறில் நின்றிருந்தால் வாதாடியிருப்பார்.

புதுஊசி

எனக்கும் இதே பிரச்சினை. தீபாவளிக்கு ஒரு கடையில் வாங்கிய டீ-சர்ட் ஒரே துவையலில் குட்டையாகிவிட்டது. பில் இருக்கிறது. மாற்றித் தருவார்களா?

கணக்குநோட்டு

புதுஊசி, அது கடைக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் உள்ள விஷயம், நுகர்வோர் புகார் வழியில் வரும். இங்கே பேசுவது தொழிலுக்கு வாங்கிய சரக்கு. பில்லோடு கடையில் கேட்டுப் பாருங்கள்.

கட்டிங்மேசை அண்ணாவுக்கு: நான் ஆடிட்டர் ஆபீசில் வேலை செய்கிறேன், இந்தச் சண்டை வாராவாரம் மேசைக்கு வரும். நீங்கள் நாலாவது நாளே எழுதியதுதான் உங்களைக் காப்பாற்றியது. சப்ளையர் சிறுதொழிலாகப் பதிவு செய்தவராக இருந்தால், 2006-ஆம் வருட எம்எஸ்எம்இ சட்டப்படி, சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால் வந்த அன்றே ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். அதிகபட்சம் 45 நாளான பணம் கொடுக்கும் கெடு அன்றிலிருந்தே ஓடும். எழுத்தில் சொல்லியிருந்தால், அவர் குறையைத் தீர்த்த நாளிலிருந்துதான் கணக்கு. போனில் திட்டியதற்கு எந்த மதிப்பும் இல்லை.

வெட்டிய மூன்று ரோல் சிக்கல்தான். 1930-ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தில், சரக்கு இன்னும் விற்றவருடையது என்பதற்குப் பொருந்தாத காரியத்தைச் செய்தால் ஏற்றுக்கொண்டதாக ஆகும். வெட்டுவது அப்படிப்பட்ட காரியம். ஆகவே அந்த 75 கிலோவைத் திருப்ப முடியாது. ஆனால் ஏற்றுக்கொண்ட சரக்கானாலும், குறைக்காக விலையைக் குறைக்கச் சொல்ல 59-ஆம் பிரிவு இடம் தருகிறது. பில் அடியில் இருக்கும் அச்சு வரி உங்களைக் கட்டுமா என்பது, நீங்கள் அதை முன்பே ஒப்புக்கொண்டீர்களா என்பதைப் பொறுத்தது. ஆர்டரில் நீங்கள் என்ன எழுதினீர்கள், அவர் அதற்கு என்ன பதில் போட்டார்?

இன்னொன்று. தேறாத இரண்டு ரோலுக்கு நீங்களே டெபிட் நோட் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். ஜிஎஸ்டியில் வரி குறைய அவர் கிரெடிட் நோட் போட வேண்டும், நீங்கள் அதற்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும். இரண்டு புத்தகமும் ஒத்துப்போகாவிட்டால் ஆறு மாதம் கழித்து நோட்டீஸாக வந்து நிற்கும்.

கட்டிங்மேசை

என் ஆர்டரில் அளவுகள் மட்டும்தான் இருந்தன, வெட்டிய துணி பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் “ஓகே” என்று வாட்ஸ்அப்பில் போட்டார். அச்சு வரி பில்லோடுதான் வந்தது, துணிக்குப் பின்னால்.

செக்குக்காரி

எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கிறேன், துணி பற்றித் தெரியாது. ஆனால் இந்த இரண்டாவது லாட் கதை எனக்கு நன்றாகவே தெரியும். நாற்பது மூட்டை நிலக்கடலை வந்தது. முன்வரிசை மூட்டைகளில் கையை விட்டுப் பார்த்தேன், உலர்ந்து நன்றாக இருந்தது. அடுக்கின் உள்ளே இருந்தவை ஈரம். நாலு நாளில் பூசணம் பிடித்து வாசனை வந்தது. வியாபாரி “உங்கள் குடோனில் ஈரம் பட்டது” என்று சாதித்துவிட்டார். என்னிடம் எழுதிவைத்த எதுவும் இல்லை. இப்போது லாரியிலிருந்து இறக்கும்போதே எல்லா அடுக்கிலும் கம்பியால் குத்தி எடுத்து, ஒரு பிடியை உறையில் போட்டு, டிரைவர் கையெழுத்து வாங்கி வைக்கிறேன். டிரைவர்கள் முனகுவார்கள், விடமாட்டேன்.

நிட்டிங்காரர்

அக்கா சொன்னதுதான் துணிக்கும். லாட் மாறினால் சரக்கே வேறு என்று எண்ண வேண்டும். ஒரே நூலானாலும் சாயப் பாத்திரம் வேறு, ஃபினிஷிங் போட்ட ஷிஃப்ட் வேறு. மொத்தத்தில் பத்து சதவீதம் பார்த்தேன் என்றால் போதாது, லாட்டுக்கு லாட் பார்க்க வேண்டும்.

தம்பி, அந்த 75 கிலோ பேனல் என்ன ஆனது?

கட்டிங்மேசை

கட்டி வைத்திருக்கிறேன் அண்ணா. வெட்டிய பேனலைக் காம்பாக்டிங்கில் விட முடியாது. முன்கூட்டியே துவைத்துத் தைத்தால் எல் சைஸ் எம் ஆகும் என்று மாஸ்டர் சொல்கிறார், ஆனால் நீளம் மட்டும் அதிகம் சுருங்குவதால் உடம்பு அகலமாகவும் கட்டையாகவும் நிற்கும். சப்ளையர் பாதி விலைக்கு வருகிறேன் என்கிறார். கட்டிங் கூலியையும், கப்பல் தவறி ஒரு வாரம் தள்ளிப்போனதையும் அவர் பேசவே மாட்டேன் என்கிறார்.

கணக்குநோட்டு

பாதி விலையை எழுத்தில் வாங்குங்கள் அண்ணா. “இது 75 கிலோவின் துணி விலைக்கு மட்டும்” என்று ஒரு வரி சேர்த்து வாங்குங்கள். கூலியை அப்புறம் கேட்க வழி இருக்கும். கப்பல் தள்ளிப்போன நஷ்டம் கிடைப்பது கஷ்டம். எந்தத் தேதிக்குக் கப்பல் என்று ஆர்டர் போடும்போதே அவருக்குச் சொல்லியிருந்தீர்களா?

கட்டிங்மேசை

போனில் சொன்னேன்.