ஒரு வாரம் ஊசியை விட்டால் மருந்து வெளியேறிவிடுமா?

வைகைக்கரையான்: சர்க்கரை நோய்க்கும் உடல் எடைக்கும் வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைடு ஊசியால் வாந்தி வந்தால் ஒரு வாரம் ஊசியை விட்டுவிடுங்கள். மருந்து முழுவதும் வெளியேறிவிடும். பிறகு அதே அளவைத் தொடரலாம்.

நெல்லை மருந்தாளுநர்: ஐயா, இந்த மருந்தில் பாதி குறையவே ஏறக்குறைய 7 நாட்கள் ஆகும். வாரம் 0.5 மில்லிகிராம் போட்டு வந்தவர் 1 மில்லிகிராமுக்கு ஏறும் நாளில், பழைய மிச்சத்தையும் சேர்த்தால், உடலில் சுமார் 1.5 இருக்கும். அடுத்த வாரம் ஊசியை விடும் நாளில் சுமார் 0.75 இருக்கும், அதற்கடுத்த ஊசி நாளிலும் சுமார் 0.38 எஞ்சியிருக்கும். இதையா முழுவதும் என்கிறீர்கள்?

வைகைக்கரையான்: உங்கள் கணக்கு காகிதத்தில் இருக்கிறது, என் வயிறு என்னிடம் இருக்கிறது. ஒரு வாரம் விட்டேன், குமட்டல் நின்றது.

நெல்லை மருந்தாளுநர்: நின்றிருக்கலாம், காரணம்தான் வேறு. இந்த மருந்தால் இரைப்பை காலியாவதில் ஏற்படும் தாமதம் தொடக்கத்திலும் அளவைக் கூட்டும்போதும் மிகுந்திருக்கும். மருந்து உடலில் இருக்கும்போதே சில வாரங்களில் அது தணிந்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு படியிலும் 4 வாரங்கள் அதே அளவில் வைத்திருக்கிறார்கள். புதிய அளவைத் தாங்க முடியாதவர்களை மருத்துவர் பழைய 0.5-லேயே இன்னும் 4 வாரங்கள் வைத்திருப்பார். அதுவரை எண்ணெய்ப் பண்டத்தைத் தவிர்த்து, சிறிது சிறிதாக உண்டு, வயிறு நிறைந்ததாகத் தோன்றிய உடனே கையைக் கழுவிவிட வேண்டும். இரவு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு ஊசியைத் திட்டக் கூடாது.

பவானி: எனக்கு வாந்தி இல்லை, மலச்சிக்கல்தான். குமட்டலுக்கு ஒண்டான்செட்ரான் விழுங்கிய பிறகு அது மோசமானது. ஒரு வாரம் விட்டால் இதுவும் சரியாகுமா?

நெல்லை மருந்தாளுநர்: அந்த மாத்திரையே மலத்தைக் கட்டும், அம்மா. இசப்கோலும் போதிய தண்ணீர் இல்லாமல் எடுத்தால் நிலைமையை மோசமாக்கும். மலத்தை இளக்கும் மேக்ரோகால் தூள் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வயிறு உப்பி வாயுவும் பிரியாமல் வாந்தி வந்தாலோ, மேல்வயிற்று வலி முதுகுவரை பரவி ஓயாமல் இருந்தாலோ, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கொங்குத்தமிழன்: அறுவைச் சிகிச்சைக்கு ஒரு வாரம் முன் வார ஊசியை நிறுத்தச் சொன்னது அமெரிக்க மயக்கவியல் வல்லுநர்கள் சங்கம், 2023-இல். அவர்களும் வைகைக்கரையாரிடம் பாடம் கேட்டார்களா, மருந்தாளுநரே?

வைகைக்கரையான்: ஒரு வாரம்! படித்தீர்களா?

நெல்லை மருந்தாளுநர்: 2024-இல் அதே சங்கம் மற்ற அமைப்புகளுடன் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலையும் படியுங்கள். பெரும்பாலோர் ஊசியைத் தொடரலாம். அளவு கூட்டும் கட்டத்தில் இருப்பவர்களும் குமட்டல் உள்ளவர்களும்தான் கூடுதல் கவனத்துக்குரியவர்கள். அவர்களுக்கு முந்தைய 24 மணி நேரம் திரவ உணவு மட்டும் தந்து, ஐயம் இருந்தால் அல்ட்ராசவுண்டில் இரைப்பையைப் பார்க்கிறார்கள். உணவு தங்கியிருந்தால் மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும்.

வைகைக்கரையான்: எப்போதும் இப்படித்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். ஒரு வாரம் என்று 2023-இல் சொன்னார்களா, இல்லையா?

நெல்லை மருந்தாளுநர்: சொன்னார்கள். மருந்து முழுவதும் வெளியேறிவிடும் என்று எங்கே சொன்னார்கள்? அந்த வரியைக் காட்டுங்கள்.

வைகைக்கரையான்: முதலில் நான் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள்.