லோடட் Q, அன்லோடட் Q: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

மீனாட்சி:
அன்புள்ள குழுவினருக்கு, தரக்காரணி, பட்டை அகலம் இரண்டும் நமக்குப் பழகிய சொற்கள்தான். ஆனால் ஒரே சுற்றுக்கு இரண்டு தரக்காரணிகள் வரும்போது பெயர் போதவில்லை.

1 mH மின்தூண்டி, 1 nF மின்தேக்கி, 20 Ω மின்தடை மூன்றும் தொடராக இருக்கின்றன.

`Z = R + j(ωL − 1/ωC)`

159.15 kHz-இல் ωL, 1/ωC இரண்டும் 1000 Ω என்பதால் கற்பனைப் பகுதி சுழியாகிறது; Z வெறும் 20 Ω. அதிர்வெண்ணை இருபுறமும் நகர்த்தினால் மெய்ப்பகுதி அசையாது. கற்பனைப் பகுதி 157.57-இல் −20, 160.75-இல் +20 ஆகிறது. இடைவெளி 3.18 kHz, ஆகவே Q 159.15/3.18, அதாவது 50. இதே சுற்றை 50 Ω சிக்னல் ஜெனரேட்டரில் மாட்டினால் மொத்தத் தடை 70 Ω. அகலம் 11.1 kHz ஆகி, Q சுமார் 14.3-க்கு இறங்குகிறது. முதலாவதை ‘வெற்றுத் தரக்காரணி’, இரண்டாவதை ‘சுமைத் தரக்காரணி’ எனலாமா?

ரவி:
பட்டையின் ஓரம் என்பது திறன் பாதியாகும் இடம். அப்படியானால் Z-இன் அளவு இரட்டிப்பாகும் இடத்தைத்தானே எடுக்க வேண்டும்?

சுந்தரம்:
பாதித்திறன் என்றது சரி, ரவி. ஆனால் மின்னழுத்தம் மாறாதபோது திறன் பாதியாக, மின்னோட்டம் √2 மடங்கு குறைந்தால் போதும். Z-உம் √2 மடங்குதான், 28.3 Ω. கட்டக்கோணம் 45° ஆகும் இடமும் அதுவே. 40 Ω வரை போனால் அகலம் 5.5 kHz என்று தப்பாக வரும்.

அன்வர்:
நான் ரேடியோ கட்டுபவன். என் சுருளும் 1 mH. மல்டிமீட்டரில் 6 Ω காட்டுகிறது, அப்படியானால் Q 160-க்கு மேல் இருக்க வேண்டும். டியூனிங் அவ்வளவு கூர்மையாக இல்லையே?

சுந்தரம்:
மல்டிமீட்டர் காட்டுவது நேர்மின்னோட்டத் தடை, அன்வர் பாய். உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பை ஒட்டி ஓடும். ஃபெரைட் உள்ளகம் இருந்தால் அதன் இழப்பும் சேரும். ஒத்ததிர்வு அதிர்வெண்ணிலேயே Z-இன் மெய்ப்பகுதியைப் படியுங்கள், அதுதான் R. சுருளோடு ஆன்டெனாவும் அடுத்த கட்டமும் இணைந்திருந்தால் அவற்றின் பாதிப்பு தனி.

சொல்லுக்கு வருகிறேன். ‘வெற்று’ என்றால் பயனற்றது என்ற வாடை அடிக்கிறது. ‘சுமை’யும் இங்கே பொருந்தவில்லை, அகலத்தைக் கூட்டியது மூலத்தின் 50 Ω. அந்த 50 Ω-க்கு மட்டும் கணக்கிட்டால் 1000/50, அதாவது Q 20.

`1/50 + 1/20 = 1/14.3`

ஆக, மூன்று பெயர்கள் வேண்டும். தன் தரக்காரணி, புறத் தரக்காரணி, மொத்தத் தரக்காரணி என்று வைக்கலாம்.

மீனாட்சி:
தன், புறம் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன், ஐயா. ‘மொத்தம்’ மட்டும் இடிக்கிறது. 50-ஐயும் 20-ஐயும் கூட்டி 70 என்று மாணவர்கள் எழுதிவிடுவார்கள்.

ரவி:
‘இணைநிலைத் தரக்காரணி’?

சுந்தரம்:
பக்க இணைப்புச் சுற்று என்று நினைத்துவிடுவார்கள், தம்பி. வேறு யோசிப்போம்.