பாக்கிகளின் வயதும் ஏட்டு இலாபமும்: உறுப்பினர் அனுபவங்கள்

இராணிப்பேட்டை கணக்காளர்:
தோல் பதனிடும் ஆலைகளுக்கு இரசாயனங்களைக் கடனுக்கு விற்கும் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். மார்ச் 31 அன்று வரவேண்டிய பாக்கி 72 லட்சம். 30 நாளுக்குள் உள்ள 40 லட்சத்துக்கு 1 சதவீதம், 90 நாள் வரையிலான 20 லட்சத்துக்கு 5, 180 நாள் வரையிலான 8 லட்சத்துக்கு 20, அதையும் தாண்டிய 4 லட்சத்துக்கு 50 என்று போட்டதில், வாராக்கடன் ஒதுக்கீடு 5 லட்சம் இருக்க வேண்டும் என்று வந்தது. ஏட்டில் ஏற்கெனவே 3,20,000 இருந்ததால், மீதி 1,80,000 மட்டுமே இந்த ஆண்டின் செலவாயிற்று. கடைசிப் பிரிவுக்கு 30 சதவீதமே போதும் என்கிறார் முதலாளி. அப்படிச் செய்தால் செலவு ஒரு லட்சமாகக் குறைந்து இலாபம் 80,000 கூடும். ஆனால் எந்த ஆலையும் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தந்திருக்காது.

ஆம்பூர் உறுப்பினர்:
ஒதுக்கீட்டைக் கூட்டினால் இலாபம் குறையும் என்பதை நானும் கண்டிருக்கிறேன். வரியும் குறையுமே, முதலாளி ஏன் மறுக்கிறார்? பிறகு ஆலை மூடப்பட்டு, பாக்கியைத் தள்ளுபடி செய்யும்போது இலாபம் மீண்டும் அடிபடும் அல்லவா?

வேலூர், ஓய்வுபெற்ற ஆடிட்டர்:
முதற்பாதி சரி, மற்றவை அப்படியல்ல. வங்கிகளைப் போன்ற சில நிறுவனங்களைத் தவிர, வெறும் ஒதுக்கீட்டுக்கு வருமான வரியில் கழிவு கிடையாது; பாக்கியை ஏட்டில் தள்ளுபடி செய்த ஆண்டில்தான் கிடைக்கும். ஒதுக்கீட்டிலிருந்து தள்ளுபடி செய்தால் பாக்கியும் ஒதுக்கீடும் ஒரே அளவில் குறைவதால், அன்றைய இலாபம் அசையாது. ஆண்டு முடிவில் ஒதுக்கீடு தேவையான அளவுக்குக் கீழே இறங்கியிருந்தால், அதை நிரப்பும் தொகைதான் செலவாக வரும்.

கணக்காளர் தம்பி, சதவீதத்தைப் பற்றி வாதாடுவதற்கு முன் வயதுப் பட்டியலைச் சரிபாருங்கள். ஆலைகள் பில் எண் சொல்லாமல் மொத்தமாக அனுப்பும் பணத்தை மிகப் பழைய பில்லில் வரவு வைத்தால், தகராறில் கிடக்கும் பில் அடைபட்டதாகத் தோன்றி, பாக்கி முழுவதும் இளமையாகத் தெரியும்.

குடியாத்தம், லுங்கி வியாபாரி:
எனக்கு வராமல் போன பாக்கிக்கு நான் கட்டிய ஜி.எஸ்.டி.யைத் திரும்பப் பெற வழி உண்டா?

வேலூர், ஓய்வுபெற்ற ஆடிட்டர்:
இது வேறு கேள்வி, ஐயா. வாராக்கடன் என்பதற்காக ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைக்காது.

இராணிப்பேட்டை கணக்காளர்:
பட்டியலைப் பில் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன் ஐயா. வயதுகள் சரியாகவே உள்ளன. முந்தைய மூன்று ஆண்டுகளில் 180 நாள் தாண்டிய பாக்கியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பின்னர் வந்திருக்கிறது. அதைப் பார்த்தால் முதலாளி சொல்லும் 30 சதவீதம் பொருந்துகிறது. ஆயினும் இவ்வாண்டின் 4 லட்சத்தில் 2,50,000 ஒரே ஆலையினுடையது. அந்த ஆலை இப்போது பாதி ஷிப்டுதான் ஓடுகிறது. அந்த ஒன்றை மட்டும் தனியே மதிப்பிட்டு, மற்றவற்றுக்கு 30 சதவீதம் போடலாமா?

வேலூர், ஓய்வுபெற்ற ஆடிட்டர்:
போடலாம். அந்த ஆலைக்கு எத்தனை சதவீதம் என்பதில் நானும் உங்கள் முதலாளியும் உடன்படுவோமா என்பதுதான் தெரியவில்லை.